டி20 ஆட்டத்தில் எத்தனை சிக்ஸர், விக்கெட் எந்த விதம்: கணக்குப் போடும் முறை

பிரிட்டன் போன்ற, பந்தயத்துக்கு உரிமம் உள்ள நாடுகளில் “மொத்த சிக்ஸர்கள்”, “முதல் விக்கெட் எந்த விதத்தில் விழும்” என்று இரண்டு சந்தைகள் இருக்கும். இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. அதனால் இங்கே இருப்பவர்களுக்கு இது காகிதக் கணக்கு மட்டும்தான்.

1. பந்துகளைப் பங்கிடுங்கள்

ஒரு அணியின் பேட்டர்கள் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் எத்தனை பந்து ஆடுவார் என்று பக்கத்தில் குறியுங்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். எல்லாருடைய சராசரிப் பந்துகளையும் அப்படியே போட்டால் கூட்டுத்தொகை 120-ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் ஏழாம் இடத்து ஆட்டக்காரரின் சராசரி அவர் களமிறங்கிய ஆட்டங்களை மட்டுமே வைத்து வருவது. கீழ்வரிசைப் பந்துகளைக் குறைத்து 120-க்குள் கொண்டுவாருங்கள். இரண்டாவது ஆடும் அணிக்கு இன்னும் கொஞ்சம் குறையுங்கள். இலக்கை எட்டியதும் ஆட்டம் முடிந்துவிடும்.

2. எத்தனை பந்துக்கு ஒரு சிக்ஸர்

தொடக்க ஆட்டக்காரர் 20 பந்து ஆடுவார், 12 பந்துக்கு ஒரு சிக்ஸர் அடிப்பவர் என்றால் அவர் கணக்கு 20 ÷ 12, அதாவது சுமார் 1.7. ஸ்ட்ரைக் ரேட்டை மட்டும் பார்த்து இதை ஊகிக்காதீர்கள். இரண்டு பேருக்கும் 140 இருக்கலாம். ஒருவர் ஃபீல்டர்களுக்கு நடுவே பவுண்டரி தட்டுபவர், இன்னொருவர் டாட் பந்தும் சிக்ஸருமாக ஆடுபவர். முடிந்தால் வேகப்பந்துக்கும் சுழலுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். இப்படிக் கூட்டி ஒரு அணிக்கு 7.9, எதிரணிக்கு 7.5, மொத்தம் 15.4 வந்ததாக வைத்துக்கொள்வோம்.

3. மைதானம்

சர்வதேச விதிப்படி ஆண்கள் ஆட்டத்தில் எல்லைக்கோடு பிட்ச்சின் மையத்திலிருந்து 65 கெஜத்துக்குக் (59.43 மீட்டர்) குறையக் கூடாது, 90 கெஜத்தைத் (82.29 மீட்டர்) தாண்டக் கூடாது. பழைய மைதானங்கள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரே மைதானத்திலும் இது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்: ஓரத்துப் பிட்ச்சில் ஆடினால் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் ஆகிவிடும். டாஸுக்கு முன் வரும் பிட்ச் ரிப்போர்ட்டில் மீட்டர் கணக்கைச் சொல்வார்கள், குறித்துக்கொள்ளுங்கள். பந்தை லெக் பக்கம் தூக்கி அடிக்கும் வலக்கையர் வரிசைக்கும் இடக்கையர் வரிசைக்கும் அந்தக் குட்டைப் பக்கம் வேறு வேறு முனையிலிருந்துதான் கிடைக்கும்.

அந்த மைதானத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக விழும் சிக்ஸர்களைத் தொடரின் சராசரியால் வகுங்கள். 1.2 வந்தால் அப்படியே பெருக்காமல் 1.1 ஆக்குங்கள், சில ஆட்டங்களை வைத்து வரும் எண்ணில் பாதி அதிர்ஷ்டம். 2024 ஏப்ரல் 26-இல் ஈடன் கார்டன்ஸில் கொல்கத்தா - பஞ்சாப் ஆட்டத்தில் 42 சிக்ஸர்கள் பறந்தன. அப்படி ஒன்று போதும், சராசரியையே தூக்கிவிடும். இன்னொன்று: பேட்டரின் புள்ளிவிவரம் பெரும்பாலும் இதே மைதானத்தில் வந்தது என்றால், மைதானக் காரணி அதிலேயே இருக்கிறது. மறுபடி பெருக்கினால் இரட்டைக் கணக்கு.

15.4 × 1.1 = சுமார் 17.

4. வாய்ப்பாக மாற்றுதல்

பந்தய நிறுவனம் வைத்த கோடு 15.5, அதற்கு மேல், கீழ் இரண்டுக்கும் விலை 1.85, அதாவது ஒன்று கட்டி வென்றால் 1.85 திரும்ப வரும் என்று கொள்வோம். எக்செல்லில்:

```
=1-POISSON.DIST(15,17,TRUE)
```

விடை சுமார் 0.63, அதாவது 16 அல்லது அதற்கு மேல் சிக்ஸர் விழ 63% வாய்ப்பு. 1.85-க்கு நட்டமில்லாமல் இருக்க 1 ÷ 1.85, அதாவது 54% தேவை. ஒன்பது சதவீதம் உபரி என்று உடனே துள்ளாதீர்கள். அடி விழுந்தால் இரு அணிக்கும் விழுகிறது, பிட்ச் மந்தமானால் இரு அணிக்கும் படுத்துவிடுகிறது. அதனால் நிஜத்தில் எண்ணிக்கை இந்தச் சூத்திரம் சொல்வதைவிட அகலமாகச் சிதறும். 63-ஐ 58 பக்கம் இறக்கிப் பாருங்கள். உங்கள் 17 தப்பி, உண்மைச் சராசரி 16 என்றால் உபரி ஏறக்குறைய காணாமலே போய்விடும்.

5. விக்கெட் எந்த விதம்

முதல் விக்கெட்டுக்கு இப்படி விலை இருப்பதாக வைப்போம்: கேட்ச் 1.50, போல்டு 5.5, எல்பிடபிள்யூ 10, ரன் அவுட் 11, ஸ்டம்பிங் 26, மற்றவை 101. 1-ஐ ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கூட்டினால் 108.8% வரும். நூறுக்கு மேலே உள்ள 8.8 நிறுவனத்தின் பங்கு. கேட்சுக்கு 66.7 ÷ 1.088 = 61.3%, இதுதான் சந்தையின் உண்மையான மதிப்பீடு. நீங்கள் 65% என்று கணித்தால் சந்தையை மிஞ்சியதாகத் தோன்றும், ஆனால் 66.7-ஐத் தாண்டாதவரை அந்த விலையில் நட்டம்தான்.

நீளமான எல்லைக்கோடு சிக்ஸரைக் குறைத்து, அதில் ஒரு பகுதியைக் கோட்டருகே கேட்சாக மாற்றும். ஆனால் முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம் என்பதால், முதல் விக்கெட்டில் இந்த விளைவு குறைவு. அங்கே புதுப்பந்து ஸ்விங் ஆகிறதா, குறுக்கே மட்டை வீசுபவரா என்பதே போல்டையும் எல்பிடபிள்யூவையும் ஏற்றும். கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நிற்காதவரை ஸ்டம்பிங் பேச்சே அநேகமாக இல்லை. தொடக்கத்திலேயே சுழல் போடும் அணி என்றால் மட்டும் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். பந்துவீச்சாளரே பிடிக்கும் கேட்சும் வழக்கமாகக் கேட்ச் கணக்கிலேயே சேரும்.

மழையால் ஓவர் குறைந்தால் சிக்ஸர் பந்தயம் ரத்தாகுமா, சூப்பர் ஓவர் சிக்ஸர் சேருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விதிப் பக்கத்தை விலை பார்ப்பதற்கு முன்பே படியுங்கள்.