எந்தக் காகித விமானம் அதிக தூரம் போகும்? பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சோதனை

"என்னுதுதான் ரொம்ப தூரம் போச்சு!" என்று இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் பாதி பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. அந்தச் சண்டையை எப்படித் தீர்ப்பது என்பதுதான் மீதிப் பாதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். இரண்டு பீரியட் ஒதுக்குங்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள். "எது நல்ல விமானம்?" என்ற கேள்வியை அளக்க முடியாது. "அம்பு, அகல இறக்கை, இந்த இரண்டில் எது அதிக தூரம் போகும்?" என்றால் டேப் பிடித்துவிடலாம். வடிவம் இரண்டே போதும். ஐந்தாறு வைத்தால் மடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

2. எறியும் முன் ஊகத்தை எழுத வையுங்கள். பாடப்புத்தகம் இதைக் கருதுகோள் என்கிறது. காரணமும் வேண்டும்: "அம்பு ஒல்லியாக இருப்பதால் காற்று அதை அதிகம் தடுக்காது." பேனாவில் எழுதட்டும். பென்சில் என்றால் பின்னால் அழித்துவிடுகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

3. மடியுங்கள். ஒரே கட்டிலிருந்து 10 ஏ4 தாள், வடிவத்துக்கு ஐந்து. தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரித்து, மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். இதுவரை இரண்டுக்கும் ஒன்றுதான். அம்புக்கு, சாய்ந்த ஓரங்களை மறுபடி நடுக்கோட்டுக்கு மடிக்க வேண்டும். அகல இறக்கைக்கு, மேலே உள்ள முக்கோணத்தை அப்படியே கீழ்நோக்கி மடித்துவிட வேண்டும். அப்புறம் பாதியாக மடித்து, அடியில் 2 செ.மீ. பிடி விட்டு இறக்கையை விரியுங்கள்.

ஒன்றையே ஐந்து முறை எறியாமல் ஏன் ஐந்து செய்ய வேண்டும்? சுவரில் ஒரு தடவை மோதினாலே மூக்கு நசுங்கிவிடும். அதோடு, ஒரே ஒரு அம்பை வைத்துப் பார்த்தால் அது வடிவத்தின் குணமா, அந்த ஒன்றை மடித்த கையின் குணமா என்று தெரியாது.

4. மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். வராந்தாவில் சாக்பீஸால் ஒரு கோடு, அதிலிருந்து மீட்டருக்கு ஒரு கோடு. மின்விசிறி ஓடக் கூடாது. மைதானம் வேண்டாம், காற்று கெடுத்துவிடும். முதலில் தரையைத் தொடும் இடம் வரை அளப்பதா, சறுக்கி நிற்கும் இடம் வரையா என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள். நாங்கள் முதலில் தொடும் இடத்தை எடுத்துக்கொண்டோம்.

எறிபவர் ஒருவரே. இது சின்ன விஷயம் இல்லை. 2012இல் 69.14 மீட்டர் உலக சாதனை படைத்த விமானத்தை வடிவமைத்தவர் ஜான் காலின்ஸ். எறிந்தவரோ ஜோ அயூப், அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையால் எறியும் குவார்ட்டர்பேக்காக விளையாடியவர். கை அவ்வளவு முக்கியம். எங்கள் வகுப்பில் அம்பு ஜெயிக்கும் என்று எழுதிய பையன் அம்பை மட்டும் இழுத்து எறிந்தான், வேண்டுமென்று இல்லை. அவனை அளக்க அனுப்பிவிட்டு, எது ஜெயித்தாலும் சரி என்றிருந்த பெண்ணை எறியச் சொன்னோம். தோள் உயரத்தில், மெதுவான தள்ளல். வேகமாக எறிந்தால் முடிவு மாறலாம், அது வேறு சோதனை.

5. பதிவுத் தாள். ஒரு முறை அம்பு முதலில், அடுத்த முறை அகல இறக்கை முதலில். கை சோர்ந்தாலும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

| முறை | அம்பு (மீ) | அகல இறக்கை (மீ) | குறிப்பு |
|---|---|---|---|
| 1 | 8.2 | 7.1 | |
| 2 | 9.1 | 7.6 | |
| 3 | 4.0 | 6.8 | அம்பு மூக்கு குத்தியது |
| 4 | 8.6 | 7.4 | |
| 5 | 7.9 | 7.9 | |
| சராசரி | 7.56 | 7.36 | |

குறிப்புக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள், கடைசியில் கைகொடுப்பது அதுதான்.

6. எண்களைப் படியுங்கள். "அந்த 4.0ஐ அடித்துவிடலாம் சார்" என்று உடனே ஒரு குரல் வந்தது. அடித்தால் அம்பின் சராசரி 8.45க்கு ஏறிவிடும். ஆனால் தூணில் இடித்தால் மட்டுமே மறு எறிதல் என்று முன்பே பேசியிருந்தோம். இது எதிலும் இடிக்கவில்லை, தானாகத்தான் விழுந்தது. அதனால் 4.0 இருந்தே ஆக வேண்டும்.

சரி, அம்பு ஜெயித்ததா? சராசரியில் வித்தியாசம் 0.2 மீட்டர்தான். அம்போ 4.0 முதல் 9.1 வரை சிதறியிருக்கிறது. ஒரே வடிவம் தனக்குள்ளேயே ஐந்து மீட்டர் ஆடும்போது இருபது செ.மீ. வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அகல இறக்கை 6.8க்கும் 7.9க்கும் நடுவிலேயே நின்றது. ஆகவே நாங்கள் எழுதிய முடிவு: "எது அதிக தூரம் என்று இந்த 10 எறிதலில் சொல்ல முடியவில்லை. அகல இறக்கை ஒரே சீராகப் பறக்கிறது." பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

7. குறிப்பிலிருந்து அடுத்த கேள்வி. அம்பு ஏன் மூக்கு குத்தியது? இறக்கையின் பின் ஓரத்தைத் துளி மேலே வளைத்தால் மூக்கு நிமிரும் என்றாள் எறிந்த பெண். அது அடுத்த ஊகம். பழைய தாளையே திரும்ப வரைந்து, தலைப்பை மட்டும் மாற்றினோம்: ஒரு பக்கம் "அம்பு", இன்னொரு பக்கம் "அம்பு, பின் ஓரம் வளைத்தது".