ஸ்கோப் மாறினப்புறம் பட்ஜெட் மெமோ எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டீரியர் வேலைல ஸ்கோப், அதாவது செய்ய வேண்டிய வேலையோட அளவு, மாறினப்புறம் ரிவைஸ்டு பட்ஜெட் மெமோ போட புதுசா வர்றவங்க எல்லாரும் அதே சில இடங்கள்லதான் மாட்டுறாங்க. கூட்டல் தப்பு, தேதி தப்பு எல்லாம் செக் பண்றப்பவே தெரிஞ்சிடும், அத விட்டுடுறேன்.

ஸ்கோப் கூடினதையும் ரேட் ஏறினதையும் ஒண்ணா கலக்குறது

இதப் பாத்தா இன்னமும் எரிச்சலா வரும். ஒரு ஆபீஸ் வேலைல முதல்ல 4,000 சதுர அடிக்கு டைல்ஸ், சதுர அடி 90 ரூபா, மொத்தம் 3,60,000. அப்புறம் கிளையன்ட் பக்கத்து ஹாலையும் சேர்க்கச் சொன்னாங்க, 5,000 சதுர அடி ஆயிடுச்சு, அதுக்குள்ள ரேட்டும் 100 ஆயிடுச்சு, மொத்தம் 5,00,000. நம்ம பையன் மெமோல பழசு, புதுசு, வித்தியாசம் 1,40,000, காரணம் "கூடுதல் ஏரியா"ன்னு ஒரே வரில முடிச்சிட்டான். கிளையன்ட்டோட அக்கவுண்ட்ஸ்ல இருந்த அம்மா கால்குலேட்டர தட்டிட்டு, "ஏரியா 25 சதவீதம்தானே சார் கூடிருக்கு, பணம் எப்படி 39 சதவீதம் கூடுச்சு?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. அதுக்கப்புறம் மெமோல இருந்த மத்த எல்லா வரியையும் சந்தேகப்பட ஆரம்பிச்சாங்க, அப்ரூவல் நின்னுச்சு, டைல்ஸ் ஆர்டரும் போகல, ஆளுங்க வேற சைட்டுக்குப் போயிட்டாங்க.

இத மூணா பிரிச்சிருக்கணும். கூடின 1,000 சதுர அடி பழைய ரேட்ல 90,000. அதே 1,000 அடிக்கு ரேட் ஏத்தம் 10,000. ஏற்கனவே ஒத்துக்கிட்ட 4,000 அடிக்கு ரேட் ஏத்தம் 40,000. கூட்டினா அதே 1,40,000தான், ஆனா இப்ப யார் எத குடுக்கணும்னு தெரியுது. காண்ட்ராக்ட்ல ரேட் ஃபிக்ஸ்டு, விலை ஏறினா ரேட்டையும் ஏத்திக்கலாம்ங்கிற எஸ்கலேஷன் கிளாஸ் இல்லன்னா அந்த 40,000 நம்ம தலைல, கிளையன்ட்கிட்ட கேக்கவே கூடாது. கூடின ஏரியாவுக்குப் பழைய ரேட்டா புது ரேட்டான்னு காண்ட்ராக்ட்ல எக்ஸ்ட்ரா ஐட்டம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுத்தான் 10,000 பத்தி பேசணும். அதனால அளவு, ரேட், தொகை மூணும் பழசுக்கு தனி, புதுசுக்கு தனின்னு டேபிள்ல காலம் போடுங்க, வித்தியாசத்தையும் அளவால எவ்வளவு, ரேட்டால எவ்வளவுன்னு ரெண்டு காலமா காட்டுங்க.

கேன்சல் ஆன ஐட்டத்த முழுசா மிச்சம்னு கழிக்கிறது

ஃபால்ஸ் சீலிங் 2,00,000 வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு வைங்க, அதுல திருப்பித் தர முடியாத சாமான் 60,000க்கு ஏற்கனவே வாங்கியாச்சுன்னா மிச்சம் 1,40,000தான். அந்த வரிய தூக்கிடாம மைனஸ்ல காட்டுங்க, 60,000ஐ தனி வரியா வைங்க.

"பழசு"ன்னு முதல் கொட்டேஷன போடுறது

கடைசியா கையெழுத்தான தொகைதான் பழசு. நடுவுல ரெண்டு எக்ஸ்ட்ரா அப்ரூவ் ஆயிருந்தா அதையும் சேத்துத்தான்.

ஒரு பக்கம் ஜிஎஸ்டி சேத்து, ஒரு பக்கம் சேக்காம

ரெண்டுலயும் ஜிஎஸ்டிய தனியா கடைசில காட்டுங்க.

கண்டிஞ்சன்சில சத்தமில்லாம கை வைக்கிறது

எதிர்பாராத செலவுக்குன்னு ஒதுக்கி வச்ச இந்தப் பணத்துல இருந்து எடுத்தா எவ்வளவு எடுத்தோம், பாக்கி எவ்வளவுன்னு ஒரு வரி எழுதிடுங்க.