யூரியா 10, 58, 27: லேப் ரிப்போர்ட்டுகளை ஒரே அளவுக்கு மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஒரு பெரியவர், வயது 68, சர்க்கரையோடு சிறுநீரகத் தொந்தரவும் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தபோது அங்கே ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். மார்ச்சில் ஸ்டான்லி மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கினார். மே மாத வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குப் பக்கத்துத் தெரு லேபிலேயே ரத்தம் கொடுத்துவிட்டார். மூன்று ரிப்போர்ட்டையும் ஒரே எக்செல் ஷீட்டில் ஏற்றி, அடுத்த முறை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது மருமகளின் எண்ணம். நல்ல எண்ணம்தான். தேதிவாரியாக ஒரே பக்கத்தில் இருந்தால் டாக்டருக்கு ஒரே பார்வையில் புரியும்.

யூரியா என்ற வரியில் அவர் கையில் இருக்கும் எண்கள் இவை: 10.0, 58, 27. கிரியாட்டினின் வரியில்: 159, 1.8, 1.8. இவற்றை அப்படியே தட்டச்சு செய்தால் யூரியா ஏறி இறங்கியது போலவும், கிரியாட்டினின் மலையிலிருந்து விழுந்தது போலவும் தெரியும். உண்மையில் பெரியவரின் சிறுநீரகம் இந்த ஐந்து மாதமும் கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருக்கிறது. அது எப்படித் தெரியும் என்பதைப் பார்ப்போம்.

எண்ணோடு வரும் யூனிட்டைத்தான் இங்கே அளவு என்கிறேன். நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் எடையைச் சொல்கின்றன, அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் பொருள் இருக்கிறது என்று. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல், அளவு குறைவாக இருந்தால் எத்தனை மைக்ரோமோல் என்ற கணக்கு. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறுக்கும் எடை வேறு. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் எண்ணும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் வேறுதான். குளுக்கோஸின் மோலார் எடை 180.16 கிராம். ஆகவே லிட்டருக்கு 1 மில்லிமோல் என்றால் லிட்டருக்கு 180.16 மில்லிகிராம், டெசிலிட்டருக்கு 18.016 மில்லிகிராம்.

முதல் தவறு இங்கேதான் நுழைகிறது. சர்க்கரைக்கு 18-ஆல் பெருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும், அதனால் எல்லாவற்றையும் 18-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். சிங்கப்பூர் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2 மில்லிமோல் என்று இருந்தால், 18-ஆல் பெருக்கும்போது 94 வரும். சரியான எண் 38.67, அதைக் கொண்டு பெருக்கினால் 201 வரும். இந்தத் தவறில் வந்த 94 பார்ப்பதற்கு அபத்தமாக இல்லை என்பதுதான் ஆபத்து. 940 என்று வந்திருந்தால் யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். 94 என்றால் ‘மாத்திரை நன்றாக வேலை செய்கிறது’ என்று நினைத்துக் கடந்துபோவார்கள். அதே கொழுப்புப் பரிசோதனையில் வரும் டிரைகிளிசரைடுக்கு இந்த 38.67-உம் பொருந்தாது. அதற்கு 88.57.

ஷீட்டின் இரண்டாவது தாளில் இப்படி ஒரு சின்ன அட்டவணை இருந்தால், நினைவை நம்ப வேண்டியதில்லை:

```
test,from,to,do
glucose,mmol/L,mg/dL,x 18.016
cholesterol,mmol/L,mg/dL,x 38.67
triglyceride,mmol/L,mg/dL,x 88.57
urea,mmol/L,mg/dL,x 6.006
creatinine,umol/L,mg/dL,/ 88.4
```

இப்போது பெரியவரின் கிரியாட்டினினைப் பார்க்கலாம். 159 மைக்ரோமோலை 88.4-ஆல் வகுத்தால் 1.80 வருகிறது. மார்ச்சிலும் மே மாதத்திலும் 1.8. சரி, அசையவில்லை. யூரியா 10.0 மில்லிமோல், 6.006-ஆல் பெருக்கினால் 60. மார்ச்சில் 58. இதுவும் ஒத்துப்போகிறது. ஆனால் மே மாதத்து 27 இன்னும் உதைக்கிறது. அதன் அளவும் மில்லிகிராம்தான், மார்ச் சீட்டில் இருந்த அதே `mg/dL`. அளவு ஒன்றாக இருந்தும் எண் பாதியாகிவிட்டது. இந்த இடத்தில் மருமகள் பக்கத்து வீட்டில் விவரம் தெரிந்தவரிடம், “அண்ணா, மாமாவுக்கு யூரியா பாதியா இறங்கிடுச்சே, இனிமே பருப்பு, மீனெல்லாம் கொஞ்சம் தாராளமா கொடுக்கலாமா?” என்று கேட்டால் அவர் மேல் தப்பில்லை. ஷீட் அப்படித்தான் சொல்கிறது.

அந்த லேப் ரிப்போர்ட்டில் பரிசோதனையின் பெயரைத் திரும்பப் படிக்க வேண்டும். ஸ்டான்லி சீட்டில் இருந்தது `Blood Urea`. தெரு லேப் தாளில் இருப்பது `BUN`, அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும். ஒரு யூரியா மூலக்கூறின் எடை 60, அதில் இரண்டு நைட்ரஜன் அணுக்களின் எடை 28. ஆகவே நைட்ரஜன் எடையை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா எடை கிடைக்கும். 27-ஐப் பெருக்கினால் 57.8. மார்ச்சில் இருந்த அதே 58. எதுவும் இறங்கவில்லை, பத்தியத்தில் கைவைக்கக் காரணமே இல்லை.

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். அளவு வேறாக இருந்தால் கண்ணில் படும். இங்கே அளவு ஒன்று, உறுப்பு ஒன்று, பெயர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கம். மில்லிமோல் கணக்கில் இந்தக் குழப்பம் வருவதில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஒரு மூலக்கூறு யூரியாவை ஒரு மூலக்கூறாகவே எண்ணும்போது, அதை யூரியா என்று அழைத்தாலும் யூரியா நைட்ரஜன் என்று அழைத்தாலும் எண்ணிக்கை மாறாது. ஆனால் அந்த 10.0-ஐ மில்லிகிராமுக்குக் கொண்டுவரும்போது எந்த வரியில் போடப்போகிறோம் என்று முடிவெடுத்தாக வேண்டும். யூரியா வரி என்றால் 60, பி.யூ.என். வரி என்றால் 2.8-ஆல் பெருக்கி 28. இரண்டில் ஒன்றை முதலிலேயே தேர்ந்தெடுத்து, எல்லா ரிப்போர்ட்டையும் அதற்கே மாற்றுங்கள்.

இதிலிருந்தே அடுத்த தவறும் புரியும்: அளவு அச்சாகாத ரிப்போர்ட்டில், எண்ணின் பருமனைப் பார்த்து அளவை ஊகிப்பது. ‘யூரியா 28’ என்று மட்டும் ஒரு துண்டுச்சீட்டு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிகிராமில் யூரியா என்றால் அது சாதாரண அளவு. பி.யூ.என். என்றால் யூரியா 60, கூடுதல். மில்லிமோல் என்றால் யூரியா 168, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலை. ஒரே 28-க்கு மூன்று வெவ்வேறு உடல்நிலை. சர்க்கரையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. 25 என்பது மில்லிமோல் என்றால் 450 மில்லிகிராம், மில்லிகிராமே என்றால் உயிருக்கு ஆபத்தான தாழ்நிலை.

ஊகிப்பதற்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது, எண்ணுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் இயல்பு வரம்பு. 15 முதல் 40 வரை என்பது போல இருந்தால் மில்லிகிராமில் யூரியா. 7 முதல் 20 என்பது போல இருந்தால் பி.யூ.என். 2.5 முதல் 8-க்குள் இருந்தால் மில்லிமோல். லேபுக்கு லேப் ஓரங்கள் சற்று மாறும், ஆனாலும் எந்தக் குடும்பம் என்று பிடிபட்டுவிடும். வரம்பும் இல்லையென்றால் அந்த எண்ணை மாற்றவே வேண்டாம். ரிப்போர்ட்டில் உள்ள ரத்த மாதிரியின் அடையாள எண்ணைச் சொல்லி அந்த லேபுக்கே போன் செய்து கேளுங்கள்.

ஷீட்டில் சூத்திரம் எழுதுபவர்கள் இந்த ஊகத்தை அறியாமலே எழுதிவிடுவது உண்டு. ‘மைக்ரோமோல் என்றால் வகு, இல்லையென்றால் அப்படியே வை’ என்று எழுதினால், அளவு காலியாக இருக்கும் வரியும் மில்லிகிராமாக உள்ளே போய்விடும். கிரியாட்டினின் வரியில், தெரிந்த இரண்டு அளவுகளையும் பெயர் சொல்லிக் கேட்டு, மற்ற எதுவானாலும் நிறுத்த வேண்டும்:

```
=IF(C2="umol/L",B2/88.4,IF(C2="mg/dL",B2,"CHECK"))
```

இங்கே `B2` ரிப்போர்ட்டில் அச்சான எண், `C2` அச்சான அளவு. மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தை நேரே ஒட்டாமல் `u` என்று போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு வடிவங்கள் அதற்கு இருக்கின்றன, கணினியில் இரண்டுக்கும் குறியீடு வேறு. பிடிஎப்பிலிருந்து நகலெடுத்தால் எது வரும் என்று சொல்ல முடியாது, சில சமயம் அந்த எழுத்தே விழுந்துவிடும். பழைய சீட்டுகளில் `mg%` என்றோ `mg/100 ml` என்றோ பார்த்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் `mg/dL`-தான், எண்ணை அப்படியே வைத்து, `C2`-வில் `mg/dL` என்று பதிந்துகொள்ளலாம்.

அச்சான எண்ணையும் அச்சான அளவையும் அழித்துவிட்டு மாற்றிய எண்ணை மட்டும் வைப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. மற்ற தவறுகளை என்றைக்காவது திருத்தலாம், இதைச் செய்துவிட்டால் திருத்த வழியே இருக்காது. கிரியாட்டினின் 94 மைக்ரோமோல், 101 மைக்ரோமோல் இரண்டையும் மாற்றி ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் இரண்டுமே 1.1 ஆகிவிடும். நடுவில் இருந்த ஏற்றம் காணாமல் போகும். கிரியாட்டினினுக்கு இரண்டு தசமம் வையுங்கள், 1.06, 1.14 என்று.

சர்க்கரைக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கும் மூன்று மாதச் சராசரிக்கு வேறு வழி. எச்பிஏ1சி நம்மிடம் சதவீதத்தில் வரும், சில நாடுகளில் மோலுக்கு மில்லிமோல் என்று வரும். இதை ஓர் எண்ணால் பெருக்கி மாற்ற முடியாது, கழித்தலும் உண்டு: சதவீதத்திலிருந்து 2.15-ஐக் கழித்து, 10.929-ஆல் பெருக்க வேண்டும். 7 சதவீதம் 53 ஆகும். எச்பிஏ1சிக்குக் கீழே 154 என்பது போல ஒரு ‘சராசரி குளுக்கோஸ்’ அச்சாகியிருந்தால் அது கணக்குப் போட்டு எடுத்தது, அன்றைக்கு அளந்தது அல்ல. அதைக் குளுக்கோஸ் வரியில் ஏற்றக்கூடாது.

மாற்றவே முடியாத ஒன்றும் இருக்கிறது. இதய நோய் ஆபத்தைப் பார்க்க எடுக்கும் லிப்போபுரோட்டீன் ஏ சில லேப்களில் மில்லிகிராமிலும் சிலவற்றில் நானோமோலிலும் வருகிறது. அதன் மூலக்கூறு ஆளுக்கு ஆள் அளவில் வேறுபடுவதால், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் மாற்று எண்ணைப் போட்டு நிரப்பாமல், இரண்டு தனித்தனி வரிகளாகவே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, அளவை ஒன்றாக்கிவிட்டால் லேப்களும் ஒன்றாகிவிடுவதில்லை. கிரியாட்டினினை அளக்க ஜாஃபே முறை என்றும் நொதி முறை என்றும் இரண்டு வழிகள் உண்டு, ஒரே ரத்தத்துக்கு இரண்டும் சற்று வேறு எண்ணைத் தரலாம். அதனால் ஒவ்வொரு எண்ணோடும் அந்தந்த லேபின் இயல்பு வரம்பையும் அதே எண்ணால் மாற்றிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு லேபின் வரம்பை எல்லா மாதத்துக்கும் இழுத்து ஒட்டக்கூடாது. மருமகளின் ஷீட்டில் மே மாத வரி இப்படி இருந்தால் டாக்டருக்குக் கேள்வியே எழாது: பரிசோதனை பி.யூ.என்., அச்சான எண் 27, அச்சான அளவு `mg/dL`, லேபின் வரம்பு 7–20, யூரியாவாக 57.8, வரம்பு 15–43.