என்பிவி நேர்மறை என்றால், அந்த உபரி யாரிடமிருந்து வருகிறது?

ஒரு திட்டத்தின் எதிர்கால ரொக்க வரவுகளை, முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கும் வருவாயான மூலதனச் செலவு விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் கிடைப்பது நிகர இன்றைய மதிப்பு. நிதித் துறையில் எல்லோரும் இதை என்பிவி என்றே சொல்வார்கள். அது பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் திட்டத்தை ஏற்கலாம் என்பது பாடம். விதியில் பிழை இல்லை. அதற்குள் இடப்படும் எண்களை எப்படி நம்புவது என்பதை அந்த விதி சொல்வதில்லை, பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நேர்கின்றன.

என்பிவி நேர்மறை என்றால், முதலீட்டாளர்கள் அதே அளவு இடர் உள்ள வேறு இடத்தில் பெறக்கூடிய வருவாய்க்கும் மேலாக இந்தத் திட்டம் ஈட்டுகிறது என்று பொருள். பொருளியலில் இத்தகைய உபரியை, குத்தகைப் பங்கைக் குறிக்கும் வாரம் என்ற சொல்லால் அழைப்பார்கள். பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிலவாரத்தை விளக்கிய முறை இதற்கும் பொருந்தும்: வளமான நிலம் உபரி தருவதற்குக் காரணம், அதே வளம் உள்ள நிலம் வேண்டிய அளவு கிடைக்காததுதான். எல்லோருக்கும் எளிதில் கிடைக்கும் ஒன்றிலிருந்து உபரி நீடித்து வராது. ஆகவே ஒரு திட்ட அறிக்கை பெரிய நேர்மறை என்பிவியைக் காட்டும்போது, மற்றவர்களிடம் இல்லாத எது நம்மிடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை இல்லாத அறிக்கைகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலை மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலைக்கு முதலீடு 100 கோடி ரூபாய். ஆண்டு உற்பத்தி 1 கோடி கிலோ. கிலோவுக்கு உற்பத்திச் செலவு 20. இன்றைய சந்தை விலை 50. ஆலையின் ஆயுள் 10 ஆண்டுகள், மூலதனச் செலவு 12 சதவீதம், வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கிலோவுக்கு 30 மிஞ்சுவதால் ஆண்டுக்கு 30 கோடி வரும். ஆண்டுதோறும் வரும் 1 ரூபாயின் மொத்த இன்றைய மதிப்பைக் காட்டும் ஆண்டுத்தொகைக் காரணி, 10 ஆண்டுகளுக்கு 12 சதவீதத்தில் 5.65 என்பதால் வரவுகளின் இன்றைய மதிப்பு 169.5 கோடி, என்பிவி 69.5 கோடி. அறிக்கை இந்த இடத்திலேயே முடிந்துவிடும், இயக்குநர் குழுவும் கையெழுத்திட்டுவிடும்.

முதல் தவறு, இன்றைய விலை 10 ஆண்டுகளும் நிற்கும் என்று எடுத்துக்கொண்டது. தொழில்நுட்பம் யாருக்கும் கிடைக்கக்கூடியது, இயந்திரங்களை யாரும் வாங்கலாம் என்றால், 69.5 கோடி உபரி நமக்கு மட்டும் தெரிந்திருக்காது. மற்றவர்களும் ஆலை கட்டுவார்கள், சந்தைக்கு வரும் சரக்கு கூடும், விலை இறங்கும். எதுவரை இறங்கும் என்பதையும் கணக்கிட முடியும். புதிதாக ஆலை கட்டுபவருக்கு என்பிவி பூஜ்ஜியமாகும் புள்ளியில்தான் புதியவர்கள் வருவது நிற்கும். 100 கோடியை 5.65-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 17.70 கோடி, அதாவது கிலோவுக்கு 17.70. அதோடு உற்பத்திச் செலவு 20-ஐச் சேர்த்தால் விலை 37.70. இந்த விலையில் யாரும் நட்டப்படுவதில்லை, எல்லோரும் தங்கள் மூலதனத்துக்கு உரிய 12 சதவீதத்தைப் பெறுகிறார்கள்; அதற்கு மேல்தான் யாருக்கும் எதுவும் மிஞ்சாது.

நம் ஆலை ஓடத் தொடங்கி 2 ஆண்டுகள் கழித்தே மற்றவர்களின் ஆலைகள் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த 2 ஆண்டுகளுக்கு மட்டும் கிலோவுக்கு 12.30 கூடுதலாகக் கிடைக்கும். 2 ஆண்டுகளுக்கான காரணி 1.69 என்பதால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 20.8 கோடி. இதுவே திட்டத்தின் முழு என்பிவி, ஏனெனில் எஞ்சிய 8 ஆண்டுகளும் மூலதனச் செலவை ஈடுகட்டுவதோடு சரி. அறிக்கை காட்டிய 69.5 கோடியில் ஏறக்குறைய 48.7 கோடி என்றுமே இருந்ததில்லை. அது மட்டுமல்ல, நம் ஆலையும் மற்றவர்களின் ஆலைகளும் ஒரே நேரத்தில் உற்பத்தியைத் தொடங்கினால், விலை முதல் நாளிலிருந்தே 37.70-இல் இருக்கும், 20.8 கோடியும் போய்விடும். பின்னால் வருபவர்களுக்கு மேம்பட்ட தொழில்நுட்பம் கிடைத்து, அதே ஆலையை அவர்கள் 80 கோடியில் கட்டிவிட்டால், விலை சுமார் 34.16 வரை இறங்கலாம். அப்போது 2 ஆண்டு முந்துதல் இருந்தும் நமக்கு மிஞ்சுவது 6.8 கோடி மட்டுமே. ஆலையை நாம் நிறுத்தவும் மாட்டோம், ஏனெனில் உற்பத்திச் செலவைவிட விலை இன்னும் மேலேதான் இருக்கும்.

இது தாளில் மட்டும் நடக்கும் கதை அன்று. சூரிய மின்தகடுகளுக்கு அடிப்படையான பாலிசிலிகானின் உடனடிச் சந்தை விலை, ஜெர்மனி போன்ற நாடுகளின் ஊக்கத்தொகையால் தேவை பெருகியதில் 2008-இல் கிலோவுக்கு 400 டாலரைத் தாண்டியது. அந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டால் எந்த ஆலையும் பொன்விளையும் நிலமாகத்தான் தெரிந்திருக்கும். பழைய உற்பத்தியாளர்கள் விரிவாக்கினார்கள், புதியவர்கள் நுழைந்தார்கள், ஆலைகள் உற்பத்திக்கு வந்தன. 2012 இறுதியில் விலை 20 டாலருக்கும் கீழே போயிருந்தது. தேவை குறைந்ததால் மட்டும் இது நேரவில்லை, அந்த ஆண்டுகளில் உலகில் நிறுவப்பட்ட சூரிய மின்திறன் தொடர்ந்து கூடிக்கொண்டுதான் இருந்தது. தேவையைச் சரியாகக் கணித்தவர்கள்கூடப் போட்டியாளர்களின் எதிர்வினையைக் கணக்கில் கொள்ளாததால் தவறினார்கள். சந்தை வளர்கிறது என்பதையே என்பிவிக்குக் காரணமாகக் காட்டும் அறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விலைச் சரிவு நினைவுக்கு வருகிறது. வளர்ச்சி எல்லோருக்கும் தெரியும் செய்தி. எல்லோருக்கும் தெரிந்த செய்தியால் யாருக்கும் தனி உபரி வராது.

இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் இரண்டு பாதுகாப்புகளைச் சேர்ப்பார்கள். இரண்டுமே இந்த நோய்க்கு மருந்தல்ல. ஒன்று, விலையை 10 சதவீதம் கூட்டியும் குறைத்தும் காட்டும் உணர்திறன் அட்டவணை. நம் திட்டத்தில் விலை 45 ஆனாலும் என்பிவி 41 கோடிக்கு மேல் இருக்கும், எனவே அட்டவணை நிம்மதியைத் தரும். ஆனால் போட்டி விலையை இழுத்துச் செல்லும் இடம் 37.70, அது 25 சதவீதத்துக்கு அருகிலான சரிவு, மேலும் அது ஒரே திசையில் மட்டும் நிகழ்வது. மேலும் கீழும் சமமாக அசையும் தற்செயல் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அட்டவணை, காரணத்தோடு வரும் சரிவைப் பிடிக்காது.

மற்றொன்று, இன்றைய மதிப்பைக் கணக்கிடப் பயன்படும் 12 சதவீதத் தள்ளுபடி விகிதத்தைப் பாதுகாப்புக்காக 5 புள்ளிகள் உயர்த்துவது. 17 சதவீதத்தில் காரணி 4.66 ஆகிறது, என்பிவி இன்னும் ஏறக்குறைய 39.8 கோடி. உண்மையில் 20.8 கோடியோ பூஜ்ஜியமோ உள்ள திட்டம் அப்போதும் தாராளமாகத் தேறிவிடுகிறது. அதே நேரத்தில், உண்மையான அனுகூலம் உள்ள, பலன் தொலைவில் வரும் நீண்டகாலத் திட்டத்தை அதே உயர்த்தல் கொன்றுவிடும். பிழை ரொக்க வரவில் இருக்கும்போது விகிதத்தைத் திருத்துவதால் பயனில்லை.

நேர்மறை என்பிவிக்கு இன்னொரு மூலம் உண்டு, அது வெறும் மதிப்பீட்டுப் பிழை. உண்மையான என்பிவி பூஜ்ஜியமாக உள்ள 10 திட்டங்கள் ஒரு நிறுவனத்தின் முன் வருகின்றன என்றும், ஒவ்வொன்றின் மதிப்பீடும் மேலே போகவும் கீழே போகவும் சம வாய்ப்பு உண்டு என்றும், பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றும் கொள்வோம். பத்தில் ஒன்றுகூட நேர்மறையாகத் தோன்றாமல் இருக்க 1,024-இல் ஒரு வாய்ப்பே உள்ளது. நிறுவனம் நேர்மறையானவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறது, அதாவது மிகையாக மதிப்பிடப்பட்டவற்றை மட்டும். மதிப்பிட்டவர் யாரும் பொய் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும் முறையே பிழையைச் சேகரித்துத் தருகிறது. ஏற்கப்பட்ட திட்டங்கள் எதிர்பார்ப்பைவிடக் குறைவாகவே தந்தன என்று பின்னாய்வில் மீண்டும் மீண்டும் வந்தால், இந்த வடிகட்டலே காரணமா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் போட்டி அனுகூலம் இல்லாத திட்டத்துக்கு என்பிவி பூஜ்ஜியம் என்பதையே தொடக்க எதிர்பார்ப்பாகக் கொள்ளச் சொல்கிறேன். கணக்கு அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறதோ, அவ்வளவு வலுவான காரணம் வேண்டும். பூஜ்ஜியம் என்பது மோசமான திட்டமும் அன்று. உரிய வருவாயைத் தரும் திட்டம் அது, அதை 69.5 கோடி தரும் திட்டம் என்று எண்ணி விலை கொடுப்பதில்தான் சேதம்.

அனுகூலம் இருக்கும் திட்டத்திலும் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. நம் ஆலை, பக்கத்தில் நமக்கே சொந்தமான இன்னொரு ஆலையில் வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்துவதால், நம் உற்பத்திச் செலவு கிலோவுக்கு 20-க்குப் பதில் 17 என்று கொள்வோம். போட்டியாளர்கள் 20-இலேயே இருப்பதால் விலை 37.70-க்குக் கீழ் போகாது, 3 என்ற இடைவெளி 10 ஆண்டுகளும் நமக்கே. 3 கோடியை 5.65-ஆல் பெருக்கினால் 16.95 கோடி. இது உண்மையான வாரம், ஏனெனில் அந்த இடமும் அந்த வெப்பமும் வேறு யாரிடமும் இல்லை. ஆனால் அதே வெப்பத்தை அருகில் உள்ள வேறொரு நிறுவனம், நம் உற்பத்தியில் கிலோவுக்கு 2 வீதம் கணக்காகும் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருந்தால் என்ன? வெப்பம் நமக்கு இலவசம் என்று எழுதுவது பிழை. விற்றால் வரக்கூடிய அந்த 2 இத்திட்டத்தின் வாய்ப்புச் செலவு. ஆலை கட்டாமலேயே அதை நாம் பெற முடியும். அதைக் கழித்தால் ஆலைக்கு உரியது கிலோவுக்கு 1, இன்றைய மதிப்பில் 5.65 கோடி. நிலம், சுரங்க உரிமை, காப்புரிமை என எந்தச் சொத்துக்கும் இது பொருந்தும். சந்தை விலை உள்ள சொத்தை அந்த விலையிலேயே திட்டத்தின் மீது ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் சொத்தின் மதிப்பைத் திட்டத்தின் திறமையாகக் காட்டிவிடுவோம்.

அனுகூலத்துக்கு ஆயுளும் உண்டு. காப்புரிமை பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும், ஆனால் மருந்து போன்றவற்றில் சோதனைகளும் ஒப்புதலும் அதில் பல ஆண்டுகளை விழுங்கிவிடும். ஆகவே கடைசி ஆண்டு வரை ஒரே இடைவெளியை நீட்டாமல், அது மறையும் ஆண்டைக் கணக்கில் எழுத வேண்டும்.

எனவே அறிக்கையைப் பூஜ்ஜியத்தில் தொடங்கி எழுதச் சொல்லுங்கள். மேற்கண்ட திட்டத்தில் அது இப்படி இருக்கும்: 2 ஆண்டு முந்துதலுக்கு 20.8 கோடி, வெப்பத்துக்கு 5.65 கோடி, ஆக மொத்தம் சுமார் 26.4 கோடி. இந்த இரண்டு வரிகளையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். முதல் வரிக்கு, போட்டியாளர்கள் இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்களா, நிலம் வாங்கிவிட்டார்களா, கட்டுமானத்துக்கு எத்தனை மாதங்கள் பிடிக்கும் என்பதை விசாரிக்க வேண்டும். இரண்டாம் வரிக்கு, வெப்பத்தை அளந்து, அதை வாங்க முன்வருபவரிடம் விலை கேட்க வேண்டும்.