ஸ்பார்ஸ் அணிகள்: சேமிப்பதிலும் பெருக்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலும் பூஜ்யமே நிறைந்த அணியை இரண்டு விதமாகச் சேமிப்பது வழக்கம். ஒன்று ட்ரிப்ளெட்: பூஜ்யமல்லாத ஒவ்வொரு உறுப்புக்கும் நிரை எண், நிரல் எண், மதிப்பு என மூன்றையும் எழுதி வைப்பது. இன்னொன்று சுருக்கிய நிரை வடிவம், அதாவது சிஎஸ்ஆர்: நிரை வாரியாக நிரல் எண்களையும் மதிப்புகளையும் அடுக்கிவிட்டு, ஒவ்வொரு நிரையும் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் தனி அரேயில் குறிப்பது. இது வரை பாடப்புத்தகமே சொல்லிவிடும். தவறுகள் அதற்கு அப்புறம்தான் வருகின்றன.

ஒரு 4×4 அணியை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது. ட்ரிப்ளெட்டுகள் இப்படி வந்து சேர்கின்றன: (2,2,3), (0,0,5), (3,0,4), (2,1,7), (0,3,2), (2,2,−2). வரிசை இல்லை, பரவாயில்லை. ஆனால் (2,2) இரண்டு முறை வந்திருக்கிறது. இது பிழையல்ல; ஒரே இடத்துக்கு வரும் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ட்ரிப்ளெட் வடிவத்தின் வழக்கம். அங்கே உண்மையான மதிப்பு 1.

இந்த இரட்டைப் பதிவைக் கூட்டாமல் விடுவதுதான் முதல் தவறு. வெகுநாள் கண்ணில் படாமலும் இருக்கும். x = (1,2,3,4) என்ற வெக்டரால் பெருக்கினால் நிரை 2-இல் 14 + 9 − 6 = 17 வருகிறது; கூட்டிய பிறகு பெருக்கினாலும் 14 + 3 = 17 தான். வெக்டர் பெருக்கல் நேரியல் என்பதால் விடை மாறாது, சோதனையும் தேறிவிடும். உறுப்புகளைத் தனித்தனியாக வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 1 வர வேண்டிய இடத்தில் 9 + 4 = 13 நிற்கும். மிகப் பெரிய உறுப்பைத் தேடினாலும், மதிப்பின் அளவை வைத்து வடிகட்டினாலும் இதே கதைதான். SciPy-யில் `tocsr()` தானாகவே கூட்டிவிடும். சொந்தமாக எழுதுபவர்தான் மாட்டிக்கொள்வார். 3-உம் −3-உம் சேர்ந்திருந்தால், கூட்டிய பிறகும் அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் பதிவாகவே உட்கார்ந்திருக்கும். அதை நீக்க `eliminate_zeros()` என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து, ட்ரிப்ளெட்டிலிருந்து சிஎஸ்ஆருக்கு மாற்றுவது. இதற்கு வரிசைப்படுத்தவே தேவையில்லை. ஒவ்வொரு நிரையிலும் எத்தனை உறுப்பு என்று எண்ணி, அந்த எண்ணிக்கைகளைத் தொடர்ச்சியாகக் கூட்டி, பிறகு உறுப்புகளை அதனதன் இடத்தில் வைத்தால் போதும். m என்பது நிரைகளின் எண்ணிக்கை, p என்பது நிரைகள் தொடங்கும் இடங்கள்:

```python
p = [0] * (m + 1)
idx, data = [0] * len(val), [0] * len(val)
for i in row: p[i+1] += 1
for i in range(m): p[i+1] += p[i]
q = p[:]
for i, j, v in zip(row, col, val):
    idx[q[i]] = j
    data[q[i]] = v
    q[i] += 1
```

இரட்டைப் பதிவை இன்னும் கூட்டாத நிலையில் நம் அணிக்கு p = [0, 2, 2, 5, 6]. நிரை 1 காலி. அதனால்தான் 2 அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. காலி நிரைதானே என்று அதை விட்டுவிட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லா நிரைகளும் இடம் மாறிவிடும். கடைசி நிரை முடியும் இடத்தையும் சேர்த்து, 4 நிரைக்கு 5 எண் இருந்தே ஆக வேண்டும்.

மேலே உள்ள `q = p[:]` வரி வீண் நகல் போலத் தெரியும். அதை நீக்கி, p-யையே நகர்த்தினால் கடைசியில் அது [2, 2, 5, 6, 6] ஆகியிருக்கும். சரியான பெருக்கல் விடை (13, 0, 17, 4). இப்போது கிடைப்பது (0, 17, 4, 0). முதல் நிரை காணாமல் போய், மற்றவை ஒருபடி மேலேறி, கடைசியில் பூஜ்யம் நிற்கிறது. உங்கள் விடையில் இந்த அடையாளம் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். (நகல் எடுக்க மனமில்லை என்றால், முடிந்ததும் p-யை ஓரிடம் வலப்பக்கம் தள்ளி முன்னால் 0 வைத்தாலும் சரிதான்.)

சிஎஸ்ஆரை ஒவ்வொரு உறுப்பாகக் கட்டுவது இன்னொரு தவறு. நடுவில் ஒரு புதிய உறுப்பு நுழைந்தால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் நகர வேண்டும். 10 லட்சம் உறுப்புகள் கண்ட இடத்தில் ஒவ்வொன்றாக நுழைந்தால், சராசரியாகச் சுமார் 25,000 கோடி நகர்த்தல்கள். SciPy இதற்கு `SparseEfficiencyWarning` என்று எச்சரிக்கும். பலர் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டுத் தொடர்கிறார்கள். ட்ரிப்ளெட்டில் சேர்த்துவிட்டு ஒரே முறை மாற்றுவதே முறை.

இனி செலவு. சிஎஸ்ஆர் அணியை ஒரு வெக்டரால் பெருக்க, பூஜ்யமல்லாத உறுப்பு ஒன்றுக்கு ஒரு பெருக்கல். இதை அப்படியே நீட்டி, இரண்டு ஸ்பார்ஸ் அணிகளின் பெருக்கலும் உறுப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே இருக்கும் என்று நினைப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகச் சொல்வேன். உறுப்புகள் எத்தனை என்பதோடு, எங்கே இருக்கின்றன என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது.

10,000 × 10,000 அளவில் இரண்டு அணிகள். முதலாவதில் மூலைவிட்டமும் அதன் இருபக்கக் கோடுகளும் மட்டும் நிறைந்தவை. இரண்டாவதில் முதல் நிரை, முதல் நிரல், மூலைவிட்டம் மூன்றும் நிறைந்தவை. அம்பு போல இருக்கும். இரண்டிலும் 29,998 உறுப்புகள், எல்லாம் மிகை எண்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் அளவை வைத்து இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது.

A-யை A-யாலேயே பெருக்கும்போது, ஒவ்வொரு k-க்கும் நிரல் k-யில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையை நிரை k-யில் உள்ளவற்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் பெருக்கல்களின் எண்ணிக்கை வரும். ஃப்ரெட் குஸ்தாவ்சன் 1978-இல் வெளியிட்ட நிரை வாரி முறையில் ஆகும் வேலை இதுவே. முதல் அணியில் ஓரங்களில் 2×2, மற்ற இடங்களில் 3×3. மொத்தம் 89,990 பெருக்கல்கள், விடையில் 49,994 உறுப்புகள். அம்பு அணியில் k = 0 ஒன்றே 10,000 × 10,000, அதாவது 10 கோடி. மற்றவை தலா 4. மொத்தம் 10,00,39,996. விடையில் ஒரு பூஜ்யம் கூட மிச்சமில்லை.

நிறைந்துபோன அந்த விடையை 8 பைட் மதிப்பு, 4 பைட் எண் என்ற கணக்கில் சிஎஸ்ஆரில் வைத்தால் சுமார் 120 கோடி பைட். முழு அணியாகவே வைத்திருந்தால் 80 கோடிதான். நிரை, நிரல்களை மாற்றி அடுக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். சமன்பாட்டைத் தீர்க்கும்போது அம்பைத் திருப்பி வைப்பது பெரிதும் உதவும், உண்மைதான். இங்கே உதவாது, இரண்டையும் ஒரே வரிசையில் மாற்றினால் நிறைந்த விடையும் அதே வரிசையில் மாறி நிற்கும், அவ்வளவுதான்.

பெருக்குவதற்கு முன்பே செலவைத் தெரிந்துகொள்ளலாம். A, B இரண்டும் சிஎஸ்ஆரில் இருந்தால் இது ஒரே வரி:

```python
np.diff(B.indptr)[A.indices].sum()
```

எண் பயமுறுத்தினால், அந்தப் பெருக்கற்பலன் உண்மையில் தேவையா என்று கேளுங்கள். பல நேரம் வேண்டியது A²x மட்டுமே. அதை A(Ax) என்று வலமிருந்து செய்தால் அம்பு அணிக்கும் 59,996 பெருக்கல்களே ஆகும். AᵀA தேவைப்படும் இடங்களிலும் இதே பொறி உண்டு: A-யில் ஒரே ஒரு நிரை முழுதும் நிறைந்திருந்தால் AᵀA முழுவதும் நிறைந்துவிடும். அப்போது அந்த நிரையை மட்டும் r என்று தனியே எடுத்து வைத்து, மீதியை A₀ என்று கொண்டு, AᵀAx-ஐ A₀ᵀ(A₀x) + rᵀ(rx) என்று கணக்கிடலாம். இதில் எந்த இடத்திலும் பெரிய அணி உருவாவதில்லை.