தேர்தல் சதவீதக் கணக்குகள்: செல்லாத வாக்கு, வெற்றி வித்தியாசம், மொத்த வாக்காளர்

டி.என்.பி.எஸ்.சி., வங்கி, ரயில்வே என எந்தப் போட்டித் தேர்வுக்குப் படித்தாலும், சதவீதம் என்ற பாடத்தில் தேர்தல் கணக்கைச் சந்திக்க நேரும். இரண்டு வேட்பாளர்கள் போட்டியிடுகிறார்கள், சிலர் வாக்களிக்க வரவில்லை, சில வாக்குகள் செல்லாமல் போகின்றன, ஒருவர் இத்தனை வாக்கு வித்தியாசத்தில் வெல்கிறார், மொத்த வாக்காளர் எத்தனை பேர் என்று கேட்பார்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர்களும் இதில் தவறுவதற்குக் காரணம், கேள்வியில் வரும் ஒவ்வொரு சதவீதமும் எந்த எண்ணின் மீது எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்காமல் கணக்கைத் தொடங்கிவிடுவதுதான்.

முதல் படி: மூன்று அடிப்படைகளைப் பிரித்தல்

தேர்தல் கணக்கில் 'மொத்தம்' என்று சொல்லத்தக்க எண்கள் மூன்று உள்ளன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் எண்ணிக்கை முதலாவது. அதிலிருந்து வாக்களிக்க வராதவர்களைக் கழித்தால் கிடைக்கும் பதிவான வாக்குகள் இரண்டாவது. அதிலிருந்து செல்லாத வாக்குகளைக் கழித்தால் கிடைக்கும் செல்லுபடியான வாக்குகள் மூன்றாவது. வேட்பாளர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது இந்த மூன்றாவது எண்ணை மட்டுமே. ஆகவே ஒருவர் 60% பெற்றார் என்றால் மற்றவர் 40% பெற்றார் என்று உடனே எழுதும் உரிமை, அந்த 60% செல்லுபடியான வாக்குகளின் மீது எடுக்கப்பட்டிருந்தால்தான் நமக்கு உண்டு.

அடிப்படை மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதை 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் காணலாம். அதில் 4,754 வாக்குகள் பதிவாயின, 53 செல்லாதவை, மீதி 4,701 வாக்குகளில் திரௌபதி முர்மு 2,824 வாக்குகளும் யஷ்வந்த் சின்கா 1,877 வாக்குகளும் பெற்றனர். அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வாக்குக்கும் தனி மதிப்பு உண்டு என்பதால், முடிவு அந்த மதிப்பைக் கொண்டே அறிவிக்கப்பட்டது; இங்கே வாக்குகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2,824 என்பது செல்லுபடியான வாக்குகளில் 60.07%, பதிவான வாக்குகளில் 59.40%. செல்லாத வாக்குகள் மிகக் குறைவாக இருந்ததால் இங்கே வேறுபாடு சிறியது. தேர்வுத்தாளிலோ 10%, 20% வாக்குகள் செல்லாதவை என்று கொடுப்பார்கள். அங்கே அடிப்படையை மாற்றி எடுத்தால் விடை முற்றிலும் வேறாகிவிடும்.

இரண்டாம் படி: மேலிருந்து கீழே இறங்குதல்

எளிய வகையில் பதிவான வாக்குகள் தரப்பட்டிருக்கும். இருவர் போட்டியிட்ட தேர்தலில் 8,000 வாக்குகள் பதிவாயின, அவற்றில் 15% செல்லாதவை, வென்றவர் செல்லுபடியான வாக்குகளில் 55% பெற்றார், வாக்கு வித்தியாசம் என்ன என்பது கேள்வி. செல்லுபடியானவை 8,000-இல் 85%, அதாவது 6,800. வென்றவர் 55% என்றால் தோற்றவர் 45%, இடைவெளி 10%. ஆகவே வித்தியாசம் 680. இருவரின் வாக்குகளையும் தனித்தனியே கண்டுபிடித்துக் கழிக்க வேண்டியதில்லை. சதவீதங்களையே முதலில் கழித்துவிட்டால் ஒரு பெருக்கல் மிச்சமாகும்.

இதே வகையில், வென்றவர் செல்லுபடியான வாக்குகளில் 10% வித்தியாசத்தில் வென்றார் என்று மட்டும் சொல்லி, அவர் பெற்ற வாக்குகளைக் கேட்பதும் உண்டு. இரண்டு பங்குகளின் கூடுதல் 100, வேறுபாடு 10 என்பதால், 110-இன் பாதியான 55% அவருடையது. 60% என்றும் 40% என்றும் எழுதினால் இடைவெளி 20% ஆகிவிடும் என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வித்தியாசத்திலிருந்து மேலே ஏறுதல்

தேர்வில் அதிகம் வருவது இதன் தலைகீழ் வடிவம். ஒரு தேர்தலில் பட்டியலில் உள்ள வாக்காளர்களில் 20% பேர் வாக்களிக்கவில்லை. பதிவான வாக்குகளில் 5% செல்லாதவை. செல்லுபடியான வாக்குகளில் 60% பெற்றவர், தம்மை எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளரை 3,040 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்கள் எத்தனை பேர்?

தொடங்குவதற்கு முன் கேள்வியில் உள்ள மூன்று சதவீதங்களின் பக்கத்திலும் அவற்றின் அடிப்படையை எழுதிக்கொள்ள வேண்டும்: 20% பட்டியலின் மீது, 5% பதிவானவற்றின் மீது, 60% செல்லுபடியானவற்றின் மீது. இதை எழுதுவதற்குப் பத்து விநாடி கூட ஆகாது. எழுதியபின் கணக்கில் குழம்புவதற்கு இடமே இல்லை. இனி மொத்த வாக்காளர்கள் 100 பேர் என்று வைத்துக்கொண்டு இறங்கலாம்.

```
பட்டியலில் உள்ளோர்   = 100
பதிவானவை            = 100 × 80% = 80
செல்லுபடியானவை      = 80 × 95%  = 76
வித்தியாசம்           = 76 × 20%  = 15.2
```

100 பேருக்கு 15.2 வாக்கு வித்தியாசம் என்றால், 3,040 வாக்கு வித்தியாசத்துக்கு 3,040 ÷ 15.2 × 100 = 20,000 பேர். சரிபார்க்கும்போது மேலிருந்து இறங்கி வாருங்கள்: 20,000 பேரில் 16,000 பேர் வாக்களித்தனர், 800 வாக்குகள் செல்லாதவை, மீதி 15,200. வென்றவர் 9,120, தோற்றவர் 6,080, இடைவெளி 3,040.

இங்கே 20%-ஐயும் 5%-ஐயும் கூட்டி, மொத்தத்தில் 25% கழிந்தது என்று எடுப்பது தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறு. அந்த 5% எடுக்கப்படுவது 100-இலிருந்து அல்ல, வாக்களிக்க வந்த 80-இலிருந்து. ஆகவே கழிவது 4 மட்டுமே, எஞ்சுவது 75 அல்ல, 76. இன்னொரு தவறு, வழியிலேயே நின்றுவிடுவது. இந்தக் கேள்விக்கு 15,200, 16,000 ஆகிய எண்களும் விடைத் தெரிவுகளாகக் கொடுக்கப்படலாம். முதலாவது செல்லுபடியான வாக்குகள், இரண்டாவது பதிவான வாக்குகள். இரண்டுமே சரியான எண்கள், ஆனால் கேட்ட எண்கள் அல்ல. கேள்வியின் கடைசி வரி 'பதிவான வாக்குகள்' என்கிறதா, 'மொத்த வாக்காளர்கள்' என்கிறதா என்பதை மீண்டும் ஒருமுறை படித்த பின்பே விடையைக் குறிக்க வேண்டும்.

நான்காம் படி: செல்லாத வாக்குகள் எண்ணிக்கையாக வரும்போது

இந்த வகையை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தவறான வழியில் போனாலும் இதில் முழு எண்ணாகவே விடை வந்து நம்மை நம்பவைத்துவிடும். இருவர் போட்டியிட்ட தேர்தலில் 20% வாக்காளர்கள் வாக்களிக்கவில்லை. 120 வாக்குகள் செல்லாதவை. வென்றவர் பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 48% பேரின் வாக்குகளைப் பெற்று, 920 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பட்டியலில் எத்தனை பேர்?

இங்கே இரண்டு மாற்றங்கள் உள்ளன. செல்லாத வாக்குகள் சதவீதமாக இல்லாமல் எண்ணிக்கையாக வந்திருப்பதால், 100 பேர் என்று வைத்துக்கொள்ளும் முறை இதற்கு உதவாது. மொத்தத்தை x என்று கொள்ள வேண்டும். மேலும் வென்றவரின் 48% பட்டியலின் மீது எடுக்கப்பட்டது. ஆகவே தோற்றவருக்கு 52% என்று எழுத முடியாது. செல்லுபடியான வாக்குகளிலிருந்து வென்றவரின் வாக்குகளைக் கழித்தே அவருடையதைக் காண வேண்டும்.

```
பதிவானவை            = 0.80x
செல்லுபடியானவை      = 0.80x − 120
வென்றவர்             = 0.48x
தோற்றவர்             = 0.80x − 120 − 0.48x = 0.32x − 120
வித்தியாசம்           = 0.48x − (0.32x − 120) = 0.16x + 120
```

0.16x + 120 = 920 என்பதால் 0.16x = 800, x = 5,000.

வித்தியாசத்தில் 120 கூட்டலாக வருவது பலருக்கு வியப்பாக இருக்கும். செல்லாத வாக்குகள் கழிக்கப்பட வேண்டியவைதானே என்று எண்ணி, 0.16x − 120 = 920 என்று எழுதினால் x = 6,500 என்று வரும். செல்லாத வாக்குகளை மறந்தே விட்டால் 0.16x = 920, x = 5,750 என்று வரும். இரண்டும் பார்வைக்குக் குறையற்ற எண்கள். ஆனால் காரணத்தை யோசித்தால் கூட்டல்தான் வர வேண்டும் என்பது புரியும். வென்றவரின் வாக்குகள் பட்டியலின் 48% என்று நிலையாகக் கட்டப்பட்டுவிட்டன; எனவே செல்லாமல் போன 120 வாக்குகளும் தோற்றவரின் பங்கிலிருந்தே குறைகின்றன, அவருடைய வாக்குகள் குறையும் அளவுக்கு இடைவெளி அகலமாகிறது.

ஐயம் இருந்தால் எண்ணை உள்ளே போட்டுப் பாருங்கள். 5,000 பேரில் 4,000 பேர் வாக்களித்தனர், 3,880 செல்லுபடியானவை, வென்றவர் 2,400, தோற்றவர் 1,480, வித்தியாசம் 920. இதே சோதனையில் 6,500-ஐப் போட்டால் வித்தியாசம் 1,160 என்றும், 5,750-ஐப் போட்டால் 1,040 என்றும் வரும். இரண்டும் கேள்வியோடு பொருந்தவில்லை.

ஐந்தாம் படி: மூன்றாவது வேட்பாளர்

மூவர் போட்டியிடும்போது வெற்றி வித்தியாசம் என்பது முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. மூன்றாமவர் அதில் சேரமாட்டார். செல்லுபடியான வாக்குகளில் முதலாமவர் 42%, இரண்டாமவர் 35% பெற்றனர், மீதி மூன்றாமவருக்கு, வித்தியாசம் 1,050, பதிவான வாக்குகளில் 4% செல்லாதவை, பதிவான வாக்குகள் எத்தனை என்று கேட்டால், 7% என்பது 1,050 என்பதிலிருந்து செல்லுபடியானவை 15,000 என்று உடனே கிடைக்கும்.

இதற்கு அடுத்த அடியில்தான் கவனம் தேவை. 15,000-இன் 4%, அதாவது 600-ஐக் கூட்டி 15,600 என்று எழுதக் கை போகும். ஆனால் அந்த 4% பதிவானவற்றின் மீது எடுக்கப்பட்டது. பதிவானவற்றில் 96% என்பதே 15,000. ஆகவே 15,000 ÷ 0.96 = 15,625. இதில் 4% எடுத்தால் 625, கழித்தால் மிகச் சரியாக 15,000. 15,600-இல் 4% கழித்தாலோ 14,976 மட்டுமே மிஞ்சுகிறது.