டிக் போட்டால் போதாது: வீட்டில் மார்ஃபின் மாத்திரை கொடுக்கும்போது நடக்கும் தவறுகள்

வலி நிவாரண சிகிச்சை நர்சாக வீடு வீடாகப் போகிறேன். மார்ஃபின் எழுதிக் கொடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்பது மாத்திரை கொடுத்ததைக் குறித்து வைக்கும் நோட்டு. அடுத்துக் கேட்பது மாத்திரை டப்பா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய பெரியவர். 10 மில்லிகிராம் மாத்திரை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று. இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு. நடுவில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒன்று. இது அவருக்கு எழுதிய அளவு. உங்கள் வீட்டு நோயாளிக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது அவருடைய சீட்டில் உள்ளபடிதான். கையில் கொடுத்தது 100 மாத்திரை. செவ்வாய் காலை 6 மணிக்கு ஆரம்பித்தார்கள். ஞாயிறு காலை 9 மணிக்கு நான் போனேன்.

“பகலில் பரவாயில்லை சிஸ்டர், ராத்திரிதான் மாமா துடிக்கிறார். டோஸைக் கூட்டணுமோ?” என்றார் மருமகள். நோட்டில் எல்லா வேளைக்கும் டிக் இருந்தது. கூடுதல் மாத்திரை நான்கு தடவை, நான்கும் அதிகாலை 3 மணியை ஒட்டி. சரி, டப்பாவை எண்ணுவோம் என்றேன்.

கணக்கு இதுதான். நாளைக்கு 6 வீதம் ஐந்து நாளுக்கு 30, ஞாயிறு காலை ஒன்று, கூடுதல் நான்கு. மொத்தம் 35 போக 65 இருக்க வேண்டும். இருந்தது 70. ஐந்து இரவு, ஐந்து மாத்திரை மிச்சம். கேட்டபோது கண் கலங்கிச் சொன்னார்: “ரெண்டைச் சேர்த்துக் கொடுக்க பயமா இருந்துச்சு சிஸ்டர். தூக்கத்திலேயே போயிட்டார்னா?”

இந்த மாத்திரை ஏறக்குறைய நாலு மணி நேரம்தான் வலியைப் பிடித்து வைக்கும். இரவில் இரண்டாகக் கொடுப்பது, நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் காலை வரை தூங்கட்டும் என்பதற்காக. ஒன்று மட்டும் கொடுத்தால் 2 மணிக்குத் தீர்ந்துவிடும், 3 மணிக்கு வலி எழுப்பிவிடும். எண்ணிப் பார்க்காமல் நோட்டை மட்டும் நம்பியிருந்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் எல்லா வேளைக்கும் அளவைக் கூட்டியிருப்பார். பெரியவர் பகலெல்லாம் மயங்கிக் கிடந்திருப்பார். அன்று இரவு முதல் இரண்டு கொடுத்தார்கள். டோஸைக் கூட்ட வேண்டிய தேவை வரவில்லை.

அதனால் டிக் வேண்டாம். மணி, எத்தனை மாத்திரை, டப்பாவில் மீதி எத்தனை என்று எண்ணாக எழுதுங்கள், கொடுத்தவர் பெயரோடு. மகனும் மருமகளும் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில், ஒருவர் கொடுத்தது தெரியாமல் இன்னொருவர் கொடுப்பது இதனால்தான் நிற்கும். கூடுதல் மாத்திரை கொடுத்தால் அப்போது வலி பத்துக்கு எத்தனை, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை என்றும் அவரையே கேட்டு எழுதுங்கள்.

அடுத்த தவறு, ‘வலி வந்தால் கொடுக்கலாம்’ என்று காத்திருப்பது. வலி முற்றிய பிறகு அடக்குவதற்கு அதிக மருந்து தேவைப்படும். வலி இல்லாதபோதும் மணிப்படி கொடுப்பதால்தான் வலி இல்லாமல் இருக்கிறார். கூடுதல் மாத்திரை இந்தக் கணக்கில் சேராது. மாலை 5 மணிக்குக் கூடுதல் ஒன்று கொடுத்திருந்தாலும் 6 மணி மாத்திரை 6 மணிக்கே. ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் கூடுதல் தேவைப்பட்டால் எங்களுக்குப் போன் செய்யுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

மருமகளின் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். ஆரம்பித்த இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், அப்புறம் தெளிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பேச்சு கொடுத்தால் பதில் வருகிறதா என்று பாருங்கள். போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உலுக்கியும் விழிக்காமல், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போய், கண்மணி குண்டூசி முனை போல் சுருங்கியிருந்தால் மருந்து அதிகமாகிவிட்டது. அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள், 108-ஐயும் கூப்பிடுங்கள். அதற்கு முன்பே வரும் எச்சரிக்கை ஒன்று உண்டு: சிறுநீர் குறைவது, கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது. சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பிலேயே தேங்கும். அன்றே சொல்லிவிட்டால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

நோட்டில் மலம் போனதற்கும் ஒரு கட்டம் வேண்டும். தூக்கக் கலக்கமும் குமட்டலும் பழகிப்போகும், மலச்சிக்கல் பழகாது. மார்ஃபின் சாப்பிடும் வரை மலமிளக்கி மாத்திரையும் தொடர வேண்டும். ‘நேற்று நன்றாகப் போனார்’ என்று அதை நிறுத்துகிறார்கள், மூன்றாம் நாள் வயிறு உப்பிக் கிடக்கிறார். வாழைப்பழம் மட்டும் இதற்குப் போதாது. இசப்கோலும் வேண்டாம், தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது உள்ளேயே இறுகிக்கொள்ளும்.

மூக்கு வழியாக டியூபில் உணவு போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு மணி நேர மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து விடலாம். ஆனால் 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று கொடுத்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. அரை நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். டியூப் போட்ட அன்றே எந்த மாத்திரை இருக்கிறது என்று எங்களிடம் காட்டுங்கள்.

வைக்கும் இடம் பீரோ லாக்கர்தான். பிரிட்ஜ் மேலேயோ, தலையணைக்குக் கீழேயோ, பிரஷர் மாத்திரையோடு ஒரே டப்பாவிலோ வேண்டாம். சாவி இருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு வேளைக்கும் பீரோவைத் திறக்க முடியாது என்றால், அன்றைய மாத்திரையை மட்டும் பெயர் எழுதிய சின்ன டப்பாவில் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதுகு வலி என்று ஒன்று எடுத்துக் கொடுத்த வீடும் பார்த்திருக்கிறேன். மார்ஃபினே சாப்பிட்டுப் பழகாத வயதானவருக்கு அந்த ஒன்றே மூச்சைக் குறைக்கலாம். சட்டப்படியும் தவறு: 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து இது. நோயாளியின் பெயரில், சீட்டோடு இருப்பதுதான் வீட்டில் இருக்கலாம். மருந்துச் சீட்டையும் டப்பா பக்கத்திலேயே வையுங்கள்.

அந்தப் பெரியவர் இரண்டு மாதம் கழித்துக் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மருமகள் மையத்துக்கு வந்தார், கையில் டப்பாவும் நோட்டும். மேஜையில் கொட்டி இருவரும் எண்ணினோம். 23 மாத்திரை. நோட்டின் கடைசி வரியில் அவர் கையெழுத்தில் மீதி 23 என்று இருந்தது. அதற்குக் கீழே நான் வாங்கிக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.